நான்காம் எண், ஏழாவது வார்ப்பு

முப்பத்தோரு வருஷம் ஒரு நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் பிழை திருத்தியவர் அவர். வீடு வாடகைக்கு, பழைய பியானோ விற்பனைக்கு, தொலைந்த பூனையைக் கண்டால் தகவல் சொல்லவும் என்று தினமும் நானூறு வரிகளைக் கண்ணால் சலித்தெடுத்து ஓய்வு பெற்றிருந்தார். தங்கையின் கணவர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் காற்புள்ளி. முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார். அது முன்பக்கம் வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. காற்புள்ளிக்கு அதில் கோபம் இல்லை. முற்றுப்புள்ளி என்று வைக்காமல் விட்டாரே என்றுதான் நினைத்துக்கொண்டார்.

தங்கை செய்தது பிசின் தொழில். வயலின் வில்லில் கட்டியிருக்கும் குதிரைவால் முடியை அப்படியே தந்தியில் வைத்து இழுத்தால் சத்தம் வராது, வழுக்கிக்கொண்டு போகும். பிசின் கட்டியில் தேய்த்தால்தான் முடி தந்தியைப் பிடிக்கும். பைன் மரத்துப் பிசினை வாங்கி, இரட்டைப் பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் உருக்கி, பட்டையும் கசடும் போகத் துணியில் வடித்து, துளி தேன்மெழுகு கலந்து அச்சில் ஊற்றி ஆறவைப்பாள். அவசரப்பட்டு ஆறவைத்தால் கட்டி விரிசல் விடும். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அங்கே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தாலும் சட்டை மூன்று நாளைக்குக் காட்டு வாசனை அடிக்கும்.

அவள் செய்யும் ஆறு வகையில் நான்காம் எண் கட்டிதான் குதிரை மாதிரி ஓடும். தேன் நிறம், கெட்டியான கட்டி, காய்ந்த பிடி. அது தீர்ந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. பிசின் அனுப்பிக்கொண்டிருந்தவர் தொழிலையே விட்டுவிட்டார். தங்கை வேறு காட்டுப் பிசின் ஆறு கிலோ வரவழைத்துப் பதினொரு தடவை சோதனை வார்ப்பு போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டாவது தடவை தலையை ஆட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஊற்றினாள். சோதனைகளைச் சேர்க்காமல் எண்ணினால் நான்காம் எண்ணில் அது ஏழாவது வார்ப்பு. காத்திருப்போர் பட்டியலில் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

அறிவிப்பு எழுதும் வேலை காற்புள்ளியிடம் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு அவர் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்லலாம். விற்பனை, மின்னஞ்சல், பார்சல் எல்லாம் மாப்பிள்ளை பொறுப்பு. அவர் எழுதியிருந்தார்: "நீங்கள் ஆவலோடு காத்திருந்த நான்காம் எண், இப்போது மேம்படுத்தப்பட்ட வடிவில்! மிகக் குறைந்த அளவே!"

"மேம்படுத்தினது யாரு மாப்ளே? நீங்களா, மரமா?"

"ஒரு பேச்சுக்கு எழுதறதுதான் மச்சான்."

"பேச்சுக்கு எழுதினா அப்புறம் பேச்சு வாங்கணும். என்ன மாறியிருக்கு, அதைச் சொல்லுங்க."

தங்கை அச்சுகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நிறம் கறுத்திருக்கு, பால் விடாத டீ மாதிரி. கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. சட்டுனு பிடிக்கும், முன்னாடி பத்து தேய்ப்புன்னா இப்போ அஞ்சு போதும்."

"வெயில்ல?"

"ஒட்டும்." அவள் துணியை உதறினாள். "கொஞ்சம் ஒட்டும்."

"மிகக் குறைந்த அளவுன்னா எத்தனை?"

"நூத்தி எண்பத்தாறுன்னு கணக்கு" என்றார் மாப்பிள்ளை. "ஆனா எண்ணைச் சொன்னா ஒரு கிக் இருக்காது மச்சான்."

காற்புள்ளி எழுந்து பின்னறைக்குப் போனார். அலமாரியில் தட்டுத் தட்டாக இருந்த கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். வார்த்தது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒன்பதில் குமிழி. மூன்று, வார்ப்பு எண் ஒட்டி ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வைத்தவை. நூற்றெண்பத்தாறு சரியாக வந்தது. சரியாக வந்ததில் அவருக்கு ஒரு சின்ன ஏமாற்றம்கூட.

மேசைக்கு வந்து ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தார்:

"நான்காம் எண் மறுபடி வந்திருக்கிறது. இது ஏழாவது வார்ப்பு. பிசின் வேறு காட்டிலிருந்து வந்தது. அதனால் நிறம் கறுப்பு, கட்டி முன்பைவிட மென்மை, பிடி கூடுதல். பாதி தேய்ப்பு போதும். வெயில் காலத்திலும் சூடான மேடைகளிலும் இது ஒட்டும். பழையதன் காய்ந்த பிடியை விரும்பியவர்கள் காத்திருப்பது நல்லது. விலை பதினெட்டாக இருந்தது, இப்போது இருபத்திரண்டு. பிசின் விலை ஏறிவிட்டது. எடை மாறவில்லை. மொத்தம் 186 கட்டிகள். ஒருவருக்கு இரண்டு. ஆறு கிலோ பிசினில் அவ்வளவுதான் வந்தது. அடுத்தது எப்போது என்று எங்களுக்கே தெரியாது. வியாழன் காலை பத்து மணிக்கு விற்பனை."

மாப்பிள்ளை படித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காத்திருப்பது நல்லதா? மச்சான், நாம விக்கறோமா, வாங்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிடறோமா?"

"பிடிக்காதவன் வாங்கிட்டுத் திட்டறதைவிட வாங்காம இருக்கட்டும்."

"நீ என்னம்மா சொல்ற?" என்று மனைவியைக் கேட்டார் மாப்பிள்ளை.

தங்கை அதை ஒரு தடவை படித்தாள். பிறகு இன்னொரு தடவை. "அண்ணன் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். புதன் காலையே மாப்பிள்ளை அறிவிப்பைக் கணினியில் ஏற்றி, மறுநாள் பத்து மணிக்குத் தானாகப் போகும்படி வைத்தார். காற்புள்ளி பக்கத்தில் நின்று பார்த்தார். நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வியாழன் பத்து மணிக்கு அவருடைய கைபேசியிலும் அறிவிப்பு வந்தது. பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான். அச்சாகி வந்ததை ஒரு தடவை படிக்காமல் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. நின்றபடியே படித்தார். "பாதி தேய்ப்பு போதும்" என்பதற்கு அடுத்து "விலை" என்று இருந்தது. மேலே போய் மறுபடி வந்தார். பன்னிரண்டு சொற்கள் காணவில்லை. வெயில் இல்லை, மேடை இல்லை, காத்திருப்பது நல்லது இல்லை.

பத்து இருபத்தாறுக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். "மச்சான், எல்லாம் போச்சு!"

"என்ன போச்சு?"

"கட்டி எல்லாம் வித்துப் போச்சு! இருபத்தாறு நிமிஷம்!"

"சந்தோஷம்" என்று சொல்லிக் காற்புள்ளி போனை வைத்தார்.

அன்று மாலையிலிருந்து மாப்பிள்ளையோடு அவர் பேசவில்லை. பேசவில்லை என்றால் அறவே பேசாமல் இல்லை. பார்சல் கட்ட உதவிக்குப் போனவர் "கத்தரிக்கோல்" என்பார், "டேப்" என்பார். பெயர்ச்சொல்லோடு நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில், போன வாரம் வண்டியை அவர் வாசலை மறைத்து நிறுத்தியதற்கு என்று நினைத்தார். வண்டியைத் தள்ளி நிறுத்தினார். அப்புறம், பட்டப்பெயர் விஷயமோ என்று சந்தேகம் வந்தது. அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் மச்சானுக்குத் தானே காப்பி கலந்து கொண்டுவந்தார். காற்புள்ளி குடித்துவிட்டு "தம்ளர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் பட்டறைத் தொலைபேசி அடித்தது. தங்கை கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை தபால்தலை வாங்கத் தபால் அலுவலகம் போயிருந்தார். காற்புள்ளி எடுத்தார். நகர இசைக்குழுவில் வயலின் வரிசைக்குத் தலைமை வாசிக்கும் அம்மாள். ஒன்பது வருஷ வாடிக்கை.

"எங்க வரிசையில ஆறு பேரும் ஆளுக்கு ரெண்டு வாங்கிட்டோம். பணம் கட்டியாச்சு. ஒரே ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளுங்க."

"அடுத்த மாசம் நாடக அரங்குல பதினெட்டு நாள் வாசிக்கறோம். மேடைக்குக் கீழ பள்ளத்துல உக்காந்து. தலைக்கு மேல விளக்கு, காத்து கிடையாது, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். மென்மைன்னு போட்டிருக்கீங்க, ஆனா சூடு பத்தி ஒண்ணும் சொல்லல. அப்போ பழைய மாதிரியே தாங்கும்தானே?"

காற்புள்ளி தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினார்.

"தாங்காதுங்க" என்றார். "ஒட்டும்."

அம்மாள் விடவில்லை. "அதை எழுத மறந்துட்டீங்களா?"

முப்பத்தோரு வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தொலைந்த பூனையின் நிறம்கூட அவர் கையில் விட்டுப்போனதில்லை. "எழுதினோம்" என்றார். "விட்டுப்போச்சு." ஆறு பேரின் பெயரையும் குறித்துக்கொண்டு, பார்சல் போகாமல் நிறுத்திவைப்பதாகச் சொன்னார்.

போனை வைத்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டுச் சின்னச் சின்னச் சீட்டுகளாகக் கிழித்தார். விட்டுப்போன இரண்டு வாக்கியங்களையும் ஒவ்வொன்றிலும் கையால் எழுதி, கீழே "பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும்" என்று சேர்த்தார். யாரிடமும் கேட்கவில்லை. பெட்டிக்கு ஒரு சீட்டு வைத்துக்கொண்டே போனார். முப்பத்தெட்டாவது சீட்டை எழுதும்போது பின்னால் பை கீழே வைக்கும் சத்தம் கேட்டது. தங்கை.

அவள் ஒரு சீட்டை எடுத்துப் படித்தாள்.

"இது எதுக்கு?"

"எதுக்கா? உன் வீட்டுக்காரர் பண்ணின வேலைக்கு. நான் எழுதினதை எடுத்துட்டு அனுப்பியிருக்கார். கேட்டா ஒரு பேச்சுக்குன்னு சொல்வார்."

"அவர் எடுக்கல."

"பின்ன? காத்துல பறந்துச்சா?"

"நான்தான் எடுத்தேன்" என்றாள் தங்கை.

காற்புள்ளி பேனாவை மூடினார். அவருக்கு அது உடனே மண்டையில் ஏறவில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று அவளைப் பற்றி அவர் நாற்பது வருஷமாக வைத்திருந்த எண்ணம் ஒன்று இருந்தது. அதைத் திருத்த அவரிடம் சிவப்பு மை தயாராக இல்லை.

"ஏம்மா?"

"பதினோரு தடவை போட்டேன் அண்ணா. கையெல்லாம் கொப்புளம். இந்தக் கட்டி நல்லா இருக்கு. பழசைவிட நல்லா இருக்குன்னு எனக்குத் தோணுது. அந்தப் பிடி பழசுல கிடையாது. நீ அதைப் பத்தி எழுதினதைப் படிச்சா எப்படி இருக்கு தெரியுமா? வீட்டுக்கு வந்தவங்களை வாசல்லயே நிறுத்தி, உள்ள போகாதீங்க, சாப்பாடு சரியில்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"உண்மையைத்தானே எழுதினேன்?"

"உண்மைதான். அதுல பாதிதான். ஒட்டும்ங்கறதை எழுதத் தெரிஞ்சுது. நல்லா இருக்குன்னு எழுத வரலியே உனக்கு. என்னிக்காவது வந்திருக்கா?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "புதன்கிழமை சாயங்காலம் எடுத்தேன். முன்னாடியே அவர்கிட்ட கேட்டேன். வேணாம்னார். அவருக்குத் தெரியாம எடுத்துட்டேன்."

"அப்போ என்ன கோபம்னு அவர் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ நேத்துலேர்ந்து கத்தரிக்கோல், டேப்னுதானே பேசற? நடுவுல அவர் எங்க கேக்கறது?"

காற்புள்ளி இசைக்குழு அம்மாளின் அழைப்பைப் பற்றிச் சொன்னார். பதினெட்டு நாள், பள்ளம், விளக்கு, அடுப்பு. கேட்கக் கேட்கத் தங்கை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு பேருமா?"

"ஆறு பேரும்."

"அய்யோ" என்றாள். கையிலிருந்த சீட்டை மறுபடி படித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை மூவரும் ஒரே வண்டியில் இசைக்குழுவின் ஒத்திகைக் கூடத்துக்குப் போனார்கள். போக வேண்டும் என்றது காற்புள்ளிதான். "நல்லா இருக்குன்னு எழுதணும்னா நான் கேட்டுப் பாக்கணும்" என்றார். வண்டியில் ஏறும்போது மாப்பிள்ளையைப் பார்த்து, "மாப்ளே, வண்டியை நேத்து நல்லா நிறுத்தியிருந்தீங்க" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான். மாப்பிள்ளை அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

தலைமை வயலின் அம்மாள் இரண்டு வில்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் அவரிடம் மிச்சமிருந்த பழைய கட்டியின் துண்டு. இன்னொன்றில் அவருடைய பார்சலிலிருந்து தங்கை எடுத்துவந்த புதியது. ஒரே வரியை இரண்டாலும் வாசித்தார். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை தலையை ஆட்டினார், இரண்டுக்கும் ஒரே மாதிரி. காற்புள்ளி முன்னால் சாய்ந்து, காதில் கையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மறுபடி வாசிக்க முடியுமாங்க?"

வாசித்தார்.

"இன்னொரு தடவை?"

நாலாவது தடவைக்குப் பிறகு அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலம்மா."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாரத்தில் முதல் தடவை.

"எனக்குத் தெரியுது" என்றார் அம்மாள். "குளிர் காலத்துல இது பிரமாதமா இருக்கும். வில்லை வெச்ச உடனே குரல் வருது. ஆனா அந்தப் பள்ளத்துல இதை வெச்சா ரெண்டாவது காட்சிக்குள்ள வில்லுல பாகு காய்ச்சின மாதிரி ஆயிடும். எங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நான் மட்டும் குளிருக்கு ஒண்ணு வெச்சுக்கறேன்."

இந்தப் பேச்சை மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த, வயலினின் பெரிய அண்ணனான செல்லோவை வாசிக்கும் மீசைக்காரர் கேட்காமலே வந்து புதிய கட்டியை எடுத்துத் தன் வில்லில் ஐந்து தேய்ப்பு தேய்த்தார். தடித்த தந்தியில் ஓர் இழுப்பு இழுத்தார். தரை அதிர்ந்தது. காற்புள்ளியின் செருப்பு வழியாக அது முழங்கால் வரைக்கும் ஏறியது.

"யார் செஞ்சது இதை?"

தங்கை கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது மாதிரி.

"இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அவள் முகம் மலர்ந்ததைக் காற்புள்ளி பார்த்தார். அந்த முகத்தை அவர் எப்போதாவது பார்த்திருக்கிறாரா என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

அன்று பிற்பகல் இரண்டாவது மின்னஞ்சல் எழுதினார்கள். இந்தத் தடவை மூன்று பேரும் ஒரு மேசையில். எழுதியது காற்புள்ளி. தங்கை சொல்லச் சொல்ல எழுதினார்.

"ஏழாவது வார்ப்பு பற்றிய எங்கள் அறிவிப்பில் இரண்டு வாக்கியங்கள் விடுபட்டன. தவறு எங்களுடையது. இந்தக் கட்டி சூட்டில் ஒட்டும். வெயிலிலும் விளக்குக்குக் கீழேயும் வாசிப்பவர்கள் வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் பார்சல் கிளம்புமுன் சொல்லுங்கள், பணம் திரும்ப வரும். குளிர்ந்த அறையில் வாசிப்பவர்களுக்கும், செல்லோ போன்ற தடித்த தந்திகளுக்கும் இது பழையதைவிட நன்றாக இருக்கிறது. செய்தவர் அப்படிச் சொல்கிறார். வாசித்த இருவரும் அப்படியே சொன்னார்கள். திரும்பி வரும் கட்டிகள் எத்தனையோ அத்தனை மட்டும் திங்கள் பத்து மணிக்குக் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். விலை அதேதான்."

"'நன்றாக'ங்கற இடத்துல 'மிகவும்' போடலாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

காற்புள்ளி தங்கையைப் பார்த்தார். "போடணுமா?"

"வேணாம்" என்றாள் அவள். "இது போதும்."

ஞாயிறு மாலைக்குள் முப்பத்தொரு கட்டிகள் திரும்பின. மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பும்போது பல் பிடுங்குகிறவர் முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். திங்கள் பத்து மணிக்கு அந்த முப்பத்தொன்றைப் பட்டியலுக்குத் திறந்தார்கள். ஒன்பது நிமிஷத்தில் தீர்ந்தது. வாங்கியவர்களில் பாதிக்கு மேல் செல்லோக்காரர்கள். அவர்களுக்குள் செய்தி எப்படியோ பரவியிருந்தது. காற்புள்ளி எழுதிய முப்பத்தெட்டு சீட்டுகளைத் தங்கை பெட்டிகளிலிருந்து எடுத்துவிட்டாள். மின்னஞ்சல் போன பிறகு அவை தேவைப்படவில்லை.

திங்கள் மதியம் மீசைக்காரர் நேரிலேயே வந்து கதவைத் தட்டினார். காலையில் இரண்டு வாங்கியிருந்தார். தபாலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையாம். அந்த இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார்.

தங்கை திரும்பி அலமாரியைப் பார்த்தாள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துவைத்த மூன்றும், குமிழி விழுந்த ஒன்பதும் அங்கே இருந்தன. உள்ளே பார்சல் மேசையிலிருந்து காற்புள்ளியும் மாப்பிள்ளையும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அவள் குமிழி விழுந்த கட்டி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இது விக்கறதுக்கில்ல. ஓரம் உடையும். பாத்துத் தேய்ங்க."

"எவ்வளவு?"

"அதான் விக்கறதுக்கில்லைன்னேனே."

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளேயிருந்த குமிழியைப் பார்த்தார். "அடுத்த தடவையும் இதே மாதிரி வருமா?"

"தெரியாது. பிசின் வந்தாத்தான் சொல்ல முடியும்."

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். தங்கை உள்ளே வந்து, டேப்பை எடுத்து அடுத்த பெட்டியை ஒட்டினாள். தபால் வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது, கட்ட வேண்டியவை இருபத்திரண்டு.